தக்காளி இறங்கியாச்சு, சாப்பாடு விலை மட்டும் ஏன் ஏறுது?

சண்டை போடுவதற்கென்றே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. 2023 அக்டோபர் மாதம் அது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. சொட்டு மருந்து, டாக்டரிடம் அலைச்சல் என்று இருந்ததால், இரண்டு மாதத்துக்குப் பகல் சாப்பாட்டை மட்டும் தெருக்கோடி மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடாக வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு சாப்பாடு 90 ரூபாய். ஒருநாள் கேரியரோடு போன என் பையன் திரும்பி வந்து, "அம்மா, இன்னிலேர்ந்து நூறாம்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! அந்த ஜூலையில் தக்காளி என்ன விலை விற்றது என்று சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கும்படி ஆயிற்று. அப்போதெல்லாம் மெஸ்ஸில் 90 ரூபாய்தான். இப்போது தக்காளி சீந்துவாரில்லாமல் தள்ளுவண்டியில் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்துப் பத்து ரூபாய் ஏற்றுவதாவது! "கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

மெஸ் நடத்துகிறவரை நாங்கள் எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் தம்பியுமாக நடத்துகிறார்கள். மதியம் மூன்று மணி, இலை எடுத்து முடித்து உட்கார்ந்திருந்தார். நான் பொரிந்து தள்ளியதை முழுக்கக் கேட்டார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "அந்த நீல நோட்டை எடுத்துட்டு வாப்பா" என்றார். ஒரு மணி நேரம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவர் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"அம்மா, நீங்க ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கறீங்க. தக்காளிக்கும் இந்தப் பத்து ரூபாய்க்கும் சம்பந்தமே இல்லே. தக்காளிக்காக நான் விலையை ஏத்தவே இல்லையே, அப்புறம் எப்படி இறக்குறது?" என்று ஆரம்பித்தார்.

ஒரு நிமிஷம் எனக்கு வாயடைத்துப் போயிற்று. உண்மைதானே!

"சரி, ஜூலையில ஏன் ஏத்தலே? நஷ்டம்தானே?" என்றேன்.

நோட்டில் அந்தக் கணக்கு இருந்தது. மெஸ்ஸில் ஒரு நாளைக்கு நூறு சாப்பாடு போகிறது. சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றுக்குமாக வழக்கமாக ஆறு கிலோ தக்காளி. விலை கிலோவுக்கு 80 ரூபாய் ஏறியதும், அக்கா தக்காளியை இரண்டு கிலோவாகக் குறைத்துவிட்டார். ரசத்தில் புளியைத் தூக்கலாகக் கரைத்து, தக்காளிக் கூட்டை நிறுத்திப் பூசணிக்காய் போட்டார். (அந்த மாதம் ரசம் புளித்தது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது!) ஆக, அவருக்கு அதிகச் செலவு நாளைக்கு 160 ரூபாய். சாப்பாட்டுக்கு ஒண்ணரை ரூபாய்க்குச் சற்று மேல்.

அதற்காக 90 ரூபாயை 91 ரூபாய் 60 காசு என்று ஆக்க முடியுமா? சில்லறைக்கு எங்கே போவது? பாதிப் பேர் போனில் பணம் அனுப்பிவிடுகிறார்கள், ஆனால் மீதிப் பேர் நோட்டைத்தான் நீட்டுகிறார்கள். ஏற்றினால் ஐந்து ரூபாயாக ஏற்ற வேண்டும். 95 ரூபாய்.

விலையை ஏற்றுவது என்றால் என்ன பெரிய காரியம், ஐந்தை அழித்து எழுதினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு ஃப்ளெக்ஸ் போர்டு, 1,200 ரூபாய். மேஜைக்கு ஒன்றாக லேமினேஷன் செய்த மெனு அட்டை பன்னிரண்டு, 480. பில் மெஷினில் விலை மாற்ற வரும் பையனுக்கு 500. மாதச் சாப்பாட்டு டோக்கன் புத்தகம் புதிதாக அச்சடிக்க 400. இதெல்லாம் போக, முதல் வாரம் பரிமாறுகிற பையன் பழக்க தோஷத்தில் பழைய விலையைச் சொல்லிவிடுவான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் புது விலையைக் கேட்பார். வந்தவர் சண்டை பிடிப்பார். "போங்க சார், பழைய விலையே குடுங்க" என்று அனுப்ப வேண்டியிருக்கும். போன தடவை அப்படிப் போனது 420 ரூபாய். அதையும் அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் சரியாக 3,000 ரூபாய்.

"இது ஏத்துறதுக்கு. தக்காளி இறங்கினதும் விலையை இறக்கணும்னா மறுபடி ஒரு 3,000. ஆக 6,000."

இன்னொரு பக்கம் வருமானத்தைப் பாருங்கள். ஐந்து ரூபாய் ஏற்றினால் நூறு பேரில் ஒரு பத்துப் பேராவது எதிர்ச்சாரி மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள், அங்கே விலை ஏறவில்லையே. மிச்சம் 90 பேர் ஆளுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 450 ரூபாய். ஆனால் போன பத்துப் பேரால் வரும் நஷ்டம் இருக்கிறதே! ஒரு சாப்பாட்டில் அரிசி, பருப்பு, காய், காஸ் செலவு போக முப்பது ரூபாய் நிற்கும். அதில்தான் வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் எல்லாம். ஆள் வராவிட்டால் அரிசி மிச்சம், வாடகை மிச்சமாகுமா? ஆகவே பத்துப் பேருக்கு 300 ரூபாய் போயிற்று. 450இல் 300 போக, நாளைக்கு 150 ரூபாய்தான் லாபம்.

தக்காளி விலை எத்தனை நாள் நிற்கும்? சுமார் நாற்பது நாள் என்று அக்கா கணக்குப் போட்டார். நாற்பது நாளைக்கு 150 வீதம் 6,000 ரூபாய். ஏற்றி இறக்க ஆகிற செலவும் 6,000 ரூபாய்!

"வந்ததும் போனதும் சரியாப் போச்சு. நடுவுல பத்து வாடிக்கையை நான் தொலைச்சிருப்பேன். அதுல எத்தனை பேர் திரும்பி வருவாங்களோ? அதான் பேசாம புளியைக் கரைச்சேன்" என்று சிரித்தார் அக்கா.

என் நாத்தனார் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். அன்று இரவு போனில் இதைச் சொன்னேன். "அண்ணி, நாங்க வகுப்புல போர்டு போர்டா எழுதறதை உங்க மெஸ் அக்கா நீல நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க!" என்றாள். இந்தச் செலவுக்குப் புத்தகத்தில் பெயரே 'மெனு செலவு' தானாம். ஓட்டலில் விலை மாறினால் மெனு அட்டையை மறுபடி அச்சடிக்க வேண்டுமே, அதிலிருந்து வந்த பெயர். போர்டு, பில் மெஷின், தவறுகள், வாடிக்கையாளரோடு வாக்குவாதம் என்று விலை மாற்றத்தால் வருகிற எல்லாச் செலவும் அதில் அடக்கம். அதனால் அசையாமல் நிற்கிற விலைக்கு 'ஒட்டிக்கொண்ட விலை' என்று பெயர். நல்ல பெயர்தான். பாத்திரத்தில் புதிதாக ஒட்டியிருக்கும் லேபிளை உரிக்கப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

இந்தச் செலவை நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். டேனியல் லெவி என்பவரும் அவரோடு மூன்று பேரும் (அதில் சாந்தனு தத்தா என்று நம் நாட்டுப் பெயரும் ஒன்று) அமெரிக்காவில் ஐந்து பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலைச் சீட்டு அச்சடிக்க எவ்வளவு, அதை அலமாரியில் மாற்றுகிற ஆளுக்கு எவ்வளவு நேரம், தப்பாகப் போனதில் நஷ்டம் எவ்வளவு, மேற்பார்வைக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டினார்கள். ஒரு கடைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று! விற்பனையோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு முக்கால் ரூபாய் கூட இல்லை. ஆனால் மளிகையில் நிகர லாபமே சொற்பம்தானே? அந்த லாபத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஐந்தில் ஒரு நிறுவனம் இருந்த இடத்தில், அலமாரியில் ஒரே சீட்டு வைத்தால் போதாது, ஒவ்வொரு டப்பாவிலும் ஒவ்வொரு பாட்டிலிலும் தனித்தனியாக விலை ஒட்ட வேண்டும் என்று சட்டம். மற்ற நான்கு நிறுவனங்களில் ஒரு விலையை மாற்ற 52 சென்ட் ஆயிற்று. இங்கே 1 டாலர் 33 சென்ட். விளைவு என்ன தெரியுமா? அந்த நான்கில் ஒரு கடை வாரத்துக்குச் சராசரியாக 3,916 விலைகளை மாற்றியது. இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட கடை 1,578தான் மாற்றியது. அதே மாதிரிக் கடைகள், அதே மாதிரிச் சாமான்கள். மாற்றுகிற செலவு இரண்டரை மடங்கு ஆனதும், மாற்றுவது பாதிக்கும் கீழே போய்விட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு நம் தெருவே வேறு மாதிரித் தெரிந்தது. தள்ளுவண்டிக் காய்க்காரரைப் பாருங்கள். போர்டும் கிடையாது, அட்டையும் கிடையாது, விலை அவர் நாக்கில்தான் இருக்கிறது. காலையில் கீரை இருபது ரூபாய், பதினோரு மணி வெயிலில் வாடினால் பத்து ரூபாய். மல்லிகைப்பூ விலை முகூர்த்த நாளில் காலைக்கும் சாயங்காலத்துக்குமே மாறும். மாற்றக் காலணா செலவில்லை, அதனால் மாறிக்கொண்டே இருக்கிறது. மெஸ்ஸுக்கு அப்படி முடியாது.

கடைசியில் ஏன் ஏறியது?

மறுநாள் மறுபடி மெஸ்ஸுக்குப் போனேன், இந்தத் தடவை சண்டைக்கு இல்லை. "அக்கா, தக்காளிக்கு ஏத்தலே, சரி. இந்தப் பத்து எதுக்கு?"

அவர் கடைசியாக விலை ஏற்றியது 2022 மே மாதம், 80இலிருந்து 90. அதற்குப் பிறகு அரிசி கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏறியிருக்கிறது. நாளைக்கு 18 கிலோ ஆகிறது, அது 144 ரூபாய். துவரம்பருப்பு கிலோவுக்கு ஐம்பது ரூபாய் ஏறி, நாலு கிலோவுக்கு 200. வேலை செய்கிற மூன்று பேருக்கும் ஆளுக்கு நூறு ரூபாய் சம்பளம் கூடி 300. வாடகை மாதம் 3,000 கூடியதில் நாளைக்கு 100. தயிருக்கு 50. எல்லாம் கூட்டினால் 794, நூறு சாப்பாட்டுக்கு வகுத்தால் ஏறத்தாழ எட்டு ரூபாய். தக்காளியைப் போல இவை திரும்பி இறங்குகிற ஜாதி இல்லை. சம்பளத்தையும் வாடகையையும் ஏற்றிய பிறகு யார் இறக்குவார்கள்?

இங்கே நான் ஒரு குறுக்குக் கேள்வி போட்டேன். எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிக்கும்போது சொன்னது நினைவிருந்தது. "காஸ் இறங்கியிருக்கே அக்கா, அதை ஏன் சொல்லலே?"

"அட, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே!" என்றார். உண்மைதான். ஓட்டல்காரர்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டர் சென்னையில் 2022 மே மாதம் 2,500 ரூபாயை ஒட்டி இருந்தது. 2023 அக்டோபரில் சுமார் 1,900. மெஸ்ஸுக்கு மாதம் பதினைந்து சிலிண்டர் ஆகிறது. அறுநூறு வீதம் மாதம் 9,000 ரூபாய் மிச்சம். சாப்பாட்டுக்கு மூன்று ரூபாய். எட்டில் மூன்று போனால் ஐந்து. செலவு கூடியது ஐந்து ரூபாய். விலை கூடியது பத்து!

"காஸ் இறங்கினப்போ நீங்க ஒரு மூணு ரூபாய் குறைச்சிருக்கலாமே?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டிக் காட்டினார், இரண்டு வளையல். "குறைக்கலேம்மா. அதுலதான் இதை மீட்டேன்."

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் விலை ஒட்டிக்கொள்வது எப்போதும் கடைக்காரருக்கு நல்லதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2021 ஆரம்பத்தில் அந்த சிலிண்டர் 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. வருஷக் கடைசிக்குள் 2,000 தாண்டிவிட்டது. மெஸ்ஸில் சாப்பாடு 80 ரூபாய். ஏற்றத்தான் வேண்டும் என்று நோட்டு சொன்னது. ஆனால் எதிர்ச்சாரி மெஸ் ஏற்றவில்லை. அவர் ஏற்றட்டும் என்று இவர் காத்திருந்தார், இவர் ஏற்றட்டும் என்று அவர் காத்திருந்தார். மாதங்கள் ஓடின. வாடகை கொடுக்கப் பணம் இல்லாமல் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. கடைசியில் 2022 மே மாதம் எதிர்ச்சாரி மெஸ் வாசலில் புது போர்டு மாட்டினார்கள். அதே வாரம் அக்காவும் மாட்டினார்.

"தனியா ஏத்தினா என்ன ஆகும்னு இதையும் போட்டுப் பாருங்க" என்று நோட்டை என் பக்கம் திருப்பினார். எல்லாரும் ஏற்றுகிற சமயத்தில் தானும் பத்து ரூபாய் ஏற்றினால் போகிறவர்கள் பத்துப் பேர். 90 பேரிடம் பத்து ரூபாய் வீதம் 900, போனவர்களால் நஷ்டம் 300, மிச்சம் நாளைக்கு 600. போர்டு செலவு 3,000 ஐந்தே நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் தான் மட்டும் ஏற்றினால் முப்பது பேர் போய்விடுவார்கள். 70 பேரிடம் 700 வரும், போன முப்பது பேருக்கு 900 போகும். நாளைக்கு 200 ரூபாய் கைநஷ்டம், போர்டு செலவு வேறு தண்டம்.

ஆக, போர்டு மாற்றுகிற காசு மட்டுமே காரணம் என்று நினைத்தால் கணக்கு முழுதாகாது. என் நாத்தனாரும் இதையே சொன்னாள். ஆலன் பிளைண்டர் என்ற பொருளாதார நிபுணர் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 200 நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பி, "நீங்கள் ஏன் உடனே விலையை மாற்றுவதில்லை?" என்று நேரிலேயே கேட்க ஏற்பாடு செய்தார். புத்தகங்களில் சொல்லியிருந்த பன்னிரண்டு காரணங்களைச் சாதாரணப் பேச்சில் சொல்லி, எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டார்கள். முதலிடம் வந்தது மெனு செலவு இல்லை. "மற்றவர் மாற்றட்டும் என்று காத்திருக்கிறோம்" என்பதுதான். செலவு மாறிய பிறகு விலை மாற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது என்றும், பாதி நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் விலையைத் தொடுவதில்லை என்றும் அதில் தெரிந்தது. நம் மெஸ் அக்காவும் எதிர்ச்சாரி மெஸ்காரரும் அந்த இருநூறில் சேர்ந்திருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாய் ஆகும் என்பதால்தான் "பார்ப்போம், அவர் மாற்றட்டும்" என்ற தயக்கம் வருகிறது. போர்டு செலவே இல்லையென்றால் ஒருநாள் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஆள் குறைந்தால் மறுநாளே இறக்கிவிடலாம் அல்லவா?

சரி, ஐந்து ரூபாய்ச் செலவுக்குப் பத்து ரூபாய் ஏற்றியது? "அடுத்த வருஷமும் சம்பளம் ஏறும், அரிசி ஏறும். அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு ஏத்தினா, ஆறு மாசத்துல மறுபடி போர்டு, மறுபடி உங்ககூடச் சண்டை. பத்தா ஏத்தினா ஒண்ணரை வருஷம் நிம்மதி" என்றார். அதாவது அவருடைய செலவு சாய்வான பாதை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. விலை மாடிப்படி மாதிரி ஏறுகிறது. படி ஏறிய புதிதில் விலை செலவைவிட அதிகமாக இருக்கும், அது அவருக்கு லாபம். படியின் கடைசியில் செலவு விலையை நெருங்கிவிடும், அப்போது நமக்கு லாபம். எந்த மாதம் கணக்குக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் கொள்ளையடிப்பதாகவும் தெரியும், தர்மம் செய்வதாகவும் தெரியும். நான் கேட்கப் போனது படி ஏறிய முதல் நாள்!

இதில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். எட்டு ரூபாய் ஏற்றியிருந்தாலும் சமாளித்திருக்கலாம் என்றே இன்றைக்கும் தோன்றுகிறது. "98 ரூபாய்னு போட்டா ரெண்டு ரூபாய் சில்லறைக்கு யார் ஓடறது?" என்பது அக்காவின் பதில். இந்த ஒரு இடத்தில் நாங்கள் இன்னும் ஒத்துப் போகவில்லை.

மளிகைக் கடையில் இதே சமாசாரம் வேறு வேஷத்தில் வருகிறது. மெஸ்ஸில் போர்டைத்தான் மாற்ற வேண்டும். பாக்கெட் சாமானில் விலை உறையிலேயே அச்சாகி வருகிறது. அதுவும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் என்றால், குழந்தை கையில் காசைக் கொடுத்து அனுப்புகிற பழக்கமே அந்த விலையில் ஊறிப் போயிருக்கிறது. ஐந்தை ஐந்தரை ஆக்கினால் வாங்குகிறவர் கை வேறு பாக்கெட்டுக்குப் போய்விடும். எனவே விலை அப்படியே நிற்கும். உள்ளே இருக்கிற கிராம் குறையும். பிஸ்கட், சோப்பு, சிப்ஸ் எல்லாவற்றிலும் நடக்கிறது. நிகர எடையை உறையில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நான் செய்வது ஒன்றுதான்: தீர்ந்து போன பாக்கெட்டின் உறையில் எடை போட்ட பக்கத்தை மட்டும் கத்தரித்து மளிகை டைரியில் செருகி வைக்கிறேன். அடுத்த பாக்கெட் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இப்போது பல உறைகளில் ஒரு கிராம் என்ன விலை என்றும் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்த்தால் இன்னும் சுலபம்.

மெஸ்ஸிலும் இந்த வித்தை உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நான் அக்கா கட்சி என்று நினைத்துவிடுவீர்கள். ஜூலையில் ரசம் புளித்தது மட்டுமில்லை, இரண்டு அப்பளம் ஒன்றாகவும் ஆகியிருந்தது. அதைக் கேட்டபோது, "அது... எண்ணெய் சூடு ஆறிப் போச்சு அன்னிக்கு" என்று மழுப்பினார். நாற்பது நாளும் எண்ணெய் ஆறுமா என்ன!

2025 செப்டம்பர் 22ஆம் தேதி பிஸ்கட், சோப்பு, ஷாம்பூ, பற்பசை இவற்றுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததே, அப்போது எங்கள் தெரு மளிகைக் கடையில் நடந்ததைப் பார்க்கையில் மெஸ் நோட்டுதான் நினைவுக்கு வந்தது. வரி ஒரே இரவில் குறைந்துவிட்டது. ஆனால் அலமாரி நிறைய இருந்தது பழைய விலை அச்சடித்த உறைகள். அவற்றைத் தீர்க்க அரசாங்கமே அவகாசம் கொடுத்தது. அண்ணாச்சி ஒரு பக்கம் போனைப் பார்த்துப் புது விலை சொல்ல, வாங்க வந்தவர்கள் உறையைப் பார்த்துப் பழைய விலை சொல்ல, பில் போடும் பெண் இரண்டுக்கும் நடுவில் விழித்துக்கொண்டு நின்றாள். "விலை குறைக்கறதுக்கே இந்தப் பாடு, பாத்தீங்களா?" என்றார் அண்ணாச்சி. நான் வீட்டுக்கு வந்து ரசீதையும் உறையையும் ஒத்துப் பார்த்தேன். ஒரு ஷாம்பூ பாட்டிலுக்கு மட்டும் பழைய விலை போட்டிருந்தது. திரும்பிப் போய்க் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மீதியைக் கொடுத்துவிட்டார். விலை மாறுகிற வாரத்தில் இப்படித் தவறு நேருவது சகஜம், ஆகவே அந்த ஒரு வாரம் மட்டுமாவது ரசீதை மடித்துப் பையில் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

மாமியாருக்குக் கண் சரியாகி, எங்கள் வீட்டுச் சமையல் எப்போதோ திரும்பிவிட்டது. ஆனாலும் வாரத்துக்கு ஒருநாள் மெஸ்ஸிலிருந்து வத்தக்குழம்பு வாங்காவிட்டால் பையனுக்கு ஆகாது. போன மாதம் போனபோது வாசலில் ஒரு கரும்பலகை புதிதாகச் சாய்ந்து நின்றது. ஃப்ளெக்ஸ் போர்டிலிருந்து ஆம்லெட்டையும் வெங்காய பஜ்ஜியையும் எடுத்துவிட்டார்களாம். முட்டையும் வெங்காயமும் ஓரிடத்தில் நிற்காதவை; அவற்றுக்குச் சாக்பீஸ்தான் சரி என்று தம்பியின் யோசனை. காலையில் சந்தைக்குப் போய் வந்ததும் விலையை எழுதுவார்கள்.

"எங்க ரெண்டு பேர் கையெழுத்தும் கோழி கிறுக்கல். நீங்களே எழுதிட்டுப் போங்களேன்" என்று அக்கா சாக்பீஸை நீட்டினார். ஆம்லெட் 20 என்று எழுதினேன். "பதினெட்டு போடுங்க, முட்டை இறங்கியிருக்கு" என்றார்.

"சில்லறைக்கு எங்கே போறது அக்கா?" என்று நான் கேட்டதற்கு, கல்லாவைத் திறந்து ஒரு டப்பா நிறைய இரண்டு ரூபாய்க் காசை எடுத்துக் காட்டினார்!